படிவத்தின் தலைப்பை மூடிவிட்டுக் கேள்வியைப் படியுங்கள்: திருப்தி, பற்று, ஈடுபாடு

சில வருஷங்களுக்கு முன் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் எச்.ஆர். வேலையில் இருந்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு படிவம் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட் சர்வே' என்று இருந்தது. இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். அதைத் தமிழாக்கி, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி, ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் கொடுத்து வாங்கினேன். சராசரி நாலுக்கு மேல் வந்தது. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த மாதமே சி.என்.சி. பிரிவில் கை தேர்ந்த ஒருவர் ராஜினாமா கடிதம் கொடுத்தார். சர்வேயில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் நாலு, அஞ்சுனுதான் சார் போட்டேன். கம்பெனியைப் பத்திக் கேட்டிருந்த ரெண்டுக்கு மட்டும் ரெண்டு போட்டேன்" என்றார். அப்புறம் ஏன் போகிறீர்கள் என்றதற்கு அவர் சொன்ன பதிலை நான் பிறகு பல வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன்: "வேலை புடிச்சிருக்கு சார். ஆனா இந்த மெஷின் எல்லா கம்பெனியிலயும்தான் இருக்கு."

கணக்கு போட்டுப் பாருங்கள். 18 கேள்விகளுக்குச் சராசரியாக 4.5 என்றால் மொத்தம் 81. மீதி இரண்டுக்கு இரண்டிரண்டு என்றால் 4. ஆக 85. அதை இருபதால் வகுத்தால் 4.25. அவர் போகப்போகிறார் என்ற செய்தி படிவத்திலேயே இருந்தது. மூன்று வேறு வேறு விஷயங்களைக் கேட்ட கேள்விகளை ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்ததில் அது காணாமல் போய்விட்டது.

அந்த மூன்று விஷயங்கள்தான் வேலைத் திருப்தி, நிறுவனப் பற்று, பணி ஈடுபாடு. நிறுவன நடத்தையியல் பாடத்தில் ஜாப் சாட்டிஸ்ஃபேக்ஷன், ஆர்கனைசேஷனல் கமிட்மென்ட், எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட் என்று படிப்பீர்கள். வரையறைகளை மனப்பாடம் செய்தவர்கள்கூட, ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து இது மூன்றில் எது என்று கேட்டால் தடுமாறுவார்கள். அதனால் நான் வரையறையிலிருந்து தொடங்காமல் கேள்வி வாக்கியங்களிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் படிவத்திலிருந்த மூன்று வாக்கியங்கள் இவை. ஒன்று: 'நான் செய்யும் வேலைக்கு நியாயமான சம்பளம் கிடைக்கிறது.' இன்னொன்று: 'இந்த நிறுவனத்தின் பிரச்சினைகளை என் சொந்தப் பிரச்சினைகளாகவே உணர்கிறேன்.' மூன்றாவது: 'வேலையில் இறங்கிவிட்டால் நேரம் போவதே தெரிவதில்லை.'

மூன்றுமே நல்ல சேதிதான். ஆனால் முதல் வாக்கியம் உங்களை நீதிபதி ஆசனத்தில் உட்கார வைக்கிறது. வேலையைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்து, எடை போட்டு, தீர்ப்புச் சொல்லச் சொல்கிறது. இரண்டாவது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள கயிறு எவ்வளவு இறுக்கம் என்று கேட்கிறது. மூன்றாவது, வேலை நடந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கிறது. தீர்ப்பு, கயிறு, நடக்கும் நேரம். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

திருப்தியை முதலில் பார்ப்போம். எட்வின் லாக் 1976-ல் கொடுத்த விளக்கம்தான் இன்றும் பாடத்தில் ஓடுகிறது: தன் வேலையையும் வேலை அனுபவங்களையும் மதிப்பிட்டுப் பார்ப்பதால் வரும் இனிமையான மனநிலை. இதில் மதிப்பீடு என்ற சொல்லில் விரலை வையுங்கள். மதிப்பிட வேண்டுமென்றால் ஓர் அளவுகோல் வேண்டும். பக்கத்துக் கம்பெனியில் என்ன கொடுக்கிறார்கள், போன வருஷம் எனக்கு என்ன கிடைத்தது, நான் எதிர்பார்த்தது என்ன என்ற ஒப்பீடு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒருவருக்கு ஐந்தாயிரம் ரூபாய் சம்பளம் கூட்டிய அதே மாதம், பக்கத்து மெஷின்காரருக்கு எட்டாயிரம் கூட்டினார்கள் என்று தெரிந்தால் திருப்தி இறங்கிவிடும்.

திருப்தியைக் கேட்க இரண்டு வழி உண்டு. மொத்தமாக ஒரே கேள்வி கேட்கலாம். இல்லாவிட்டால் துண்டு துண்டாகக் கேட்கலாம். பாட்ரிசியா ஸ்மித்தும் கூட்டாளிகளும் 1969-ல் வெளியிட்ட அளவுகோல் ஐந்து துண்டுகளாகப் பிரிக்கிறது: வேலை, சம்பளம், பதவி உயர்வு, மேற்பார்வையாளர், உடன் வேலை செய்பவர்கள். துண்டுகளைக் கூட்டினால் மொத்தம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கேன்டீன் சாப்பாட்டுக்கும் யூனிஃபார்முக்கும் முழு மதிப்பெண் போட்டவர், சூப்பர்வைசர் ஒருவரால் மட்டும் தினமும் வெந்துகொண்டிருக்கலாம். அவருக்கு அந்த ஒன்றின் எடை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திருப்தி அமைதியான உணர்ச்சியாகவும் இருக்கலாம். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் சாய்ந்திருப்பவர் திருப்தியாகத்தான் இருக்கிறார். ஓடியாடி வேலை செய்யும் நிலையில் இல்லை. நல்ல சம்பளம், வீட்டுக்குப் பக்கம், தொல்லையில்லாத மேலதிகாரி என்று எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு, எட்டு மணி நேரத்தை எப்படியோ ஓட்டிவிட்டுப் போகிற ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருப்தியும் செயல்திறனும் சேர்ந்து போகும் அளவைப் பல ஆய்வுகளைத் தொகுத்து டிமதி ஜட்ஜ் குழு 2001-ல் கணக்கிட்டது. உறவே இல்லையென்றால் 0, முழுக்கச் சேர்ந்தே போனால் 1 என்ற கணக்கில் அந்தத் தொடர்பெண் 0.30 என்று வந்தது. உறவு இருக்கிறது, ஆனால் 'திருப்தியான ஆள் நன்றாக வேலை செய்வார்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு இல்லை.

பற்றுதான் மூன்றிலும் சிக்கலானது, அதனால் சுவாரசியமானதும்கூட. ஏனென்றால் கயிறு ஒன்றில்லை. ஜான் மேயரும் நடாலி ஆலனும் 1991-ல் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். பிடித்ததால் இருப்பது, போனால் நஷ்டம் என்பதால் இருப்பது, போவது முறையில்லை என்பதால் இருப்பது. இருக்க விரும்புகிறேன், இருந்தாக வேண்டியிருக்கிறது, இருக்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்றும் சொல்லலாம். புத்தகத்தில் முறையே அஃபெக்டிவ், கன்டினியூவன்ஸ், நார்மேட்டிவ் என்று இருக்கும்.

பம்ப்செட் தொழிற்சாலைக்கே வாருங்கள். அங்கே அசெம்பிளியில் நாலு வருஷம் இரண்டு மாதம் முடித்த நிரந்தரத் தொழிலாளி ஒருவர் இருந்தார். வெளியே ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள். போகவில்லை. அஞ்சு வருஷம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி. இத்தனை நாள் ஓட்டியாச்சு, இன்னும் பத்து மாதம்தானே என்பது அவர் கணக்கு. ஹோவர்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர் 1960-லேயே இதைச் சொல்லியிருக்கிறார்: ஓர் இடத்தில் இருக்க இருக்க, அங்கே நாம் போட்டுவைக்கும் சிறு சிறு முதலீடுகள் சேர்ந்துகொண்டே போகும், கிளம்பினால் அவை போய்விடும். கிராஜுவிட்டி, சீனியாரிட்டி, பக்கத்துத் தெருவில் பிள்ளைகளைச் சேர்த்த பள்ளிக்கூடம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 'இப்போது இந்த வேலையை விட்டால் என் வாழ்க்கையில் பல விஷயங்கள் குலைந்துபோகும்' என்ற கேள்விக்கு அவர் ஐந்து போடுவார். மேலே சொன்ன 'நிறுவனத்தின் பிரச்சினை என் பிரச்சினை' என்ற கேள்விக்கு ஒன்று போடுவார். இரண்டும் பற்றுக் கேள்விதான்!

அதே பிரிவில் இன்னொருவர். அவருடைய மனைவியின் ஆபரேஷனுக்கு முதலாளி கையிலிருந்து பணம் கொடுத்தார். 'இப்போது போனால் குற்ற உணர்ச்சியாக இருக்கும்' என்ற கேள்வி இவருக்கென்றே எழுதியது போலிருக்கும். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். ஆனாலும் போகமாட்டார். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம்மூரில் வெறும் பழமொழியாக நிற்பதில்லை, ஆட்களை வேலையில் நிறுத்தியும் வைக்கிறது.

ஆகவே ஒரு படிவத்தில் 'கமிட்மென்ட் ஸ்கோர் 4.1' என்று பார்த்தால் உடனே கேட்க வேண்டியது, எந்தக் கயிறு என்பதுதான். நஷ்ட பயத்தில் இருப்பவர்கள் நிறைய உள்ள இடத்தில் ஆட்கள் போவது குறைவாக இருக்கும், வேலையும் ஏனோதானோ என்றிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு விசுவாசமான பட்டாளம் மாதிரி தெரியும்.

மவுடே, ஸ்டியர்ஸ், போர்ட்டர் மூவரும் 1979-ல் வெளியிட்ட 15 கேள்விப் படிவத்தைப் பல ஆய்வேடுகளில் பார்ப்பீர்கள். அது பெரும்பாலும் முதல் கயிற்றைத்தான், பிடித்ததால் இருப்பதைத்தான் அளக்கிறது. 'பற்றை அளந்தேன்' என்று எழுதும் மாணவர்கள் இதை ஒரு வரியிலாவது சொல்லிவிடுவது நல்லது.

சரி, ஈடுபாடு. இந்தச் சொல்லை நிர்வாகவியலில் ஊன்றியவர் வில்லியம் கான். 1990-ல் அவர் வெளியிட்ட ஆய்வு இரண்டு இடங்களில் நடந்தது: ஒரு கோடைக்கால முகாம், ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனம். முகாமில் கடலுக்கடியில் நீந்தக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் ஒருவரை அவர் விவரிக்கிறார். உபகரணங்களை ஓடியாடிச் சரிபார்க்கிறார். கூட வந்தவர்களோடு கடலைப் பற்றி ஆசையாகப் பேசுகிறார். உடம்பு, புத்தி, மனசு மூன்றும் அந்த வேலையில் இருக்கின்றன. முகாமின் சம்பளம் சரியா, நிர்வாகம் நல்லதா என்பது அந்தக் காட்சியில் வரவே இல்லை. ஆள் வேலையில் 'இருக்கிறாரா' என்பதே கேள்வி.

அப்புறம் நெதர்லாந்தின் வில்மார் ஷாஃபெலி குழு வந்தது. அவர்கள் வேலைச் சோர்வை, அதாவது பர்ன்அவுட்டை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள். சோர்வுக்கு எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப்போய் 2002-ல் மூன்று கூறுகளைச் சொன்னார்கள்: துடிப்பு, அர்ப்பணிப்பு, மூழ்கிப்போதல். அவர்களுடைய படிவத்தில் முதலில் 17 கேள்விகள், பிறகு 9. காலையில் எழுந்தால் வேலைக்குப் போகத் தோன்றுகிறதா, செய்யும் வேலையில் பெருமை இருக்கிறதா, வேலையில் மூழ்கிப்போகிறேனா என்ற ரகத்தில் இருக்கும்.

அந்தப் படிவத்தை எடுத்தால் நான் முதலில் பார்ப்பது விடைக் கட்டத்தைத்தான். 'ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லை' என்று அங்கே இருக்காது. 0 முதல் 6 வரை, 'ஒருபோதும் இல்லை' தொடங்கி 'எப்போதும்' வரை இருக்கும். எத்தனை தடவை என்று கேட்கிறார்கள். ஏனென்றால் ஈடுபாடு நிகழ்கிற ஒன்று. வரும், போகும், திங்கட்கிழமை குறைவாகவும் புதன்கிழமை அதிகமாகவும் இருக்கும். 'வேலையில் எத்தனை தடவை மூழ்கிப்போகிறீர்கள்' என்று கேட்கலாம். 'எத்தனை தடவை சம்பளம் நியாயமாக இருக்கிறது' என்று கேட்டால் சிரிப்பார்கள். ஒரு வாக்கியம் திருப்தியா ஈடுபாடா என்று குழப்பம் வந்தால், அதோடு 'எத்தனை தடவை' என்பதைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் பெரும்பாலும் ஈடுபாடு. முழுக்க நம்பக்கூடிய சோதனை என்று சொல்லமாட்டேன், ஆனாலும் பத்தில் ஏழெட்டுக்கு எனக்கு உதவியிருக்கிறது.

இப்போது சி.என்.சி. ஆபரேட்டருக்குத் திரும்புவோம். மெஷினில் நின்றால் அவருக்கு டீ டைம் தெரியாது. டூல் தேய்மானத்தைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஈடுபாடு உச்சத்தில் இருந்தது. சம்பளம், ஷிஃப்ட், சூப்பர்வைசர் பற்றிக் குறை இல்லை, அதாவது திருப்தியும் இருந்தது. கம்பெனியோடு கட்டிப்போடும் கயிறு மூன்றில் ஒன்றுகூட அவரிடம் இல்லை. இரண்டு வருஷம்தான் ஆகியிருந்ததால் கிராஜுவிட்டி பயமும் கிடையாது. அவர் மனசைக் கொடுத்தது வேலைக்கு, நிறுவனத்துக்கு அல்ல. வேலை எங்கே போனாலும் கூட வரும். கைத்திறன் உள்ளவர்களிடம், நர்ஸ்களிடம், புரோகிராமர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம்.

கேள்வி வாக்கியத்தைப் பிரிக்க நான் இரண்டு இடங்களைப் பார்ப்பேன். ஒன்று, அது எதைப் பற்றியது, வேலையா நிறுவனமா. இன்னொன்று, அது என்ன கேட்கிறது: தீர்ப்பா, கயிறா, நடக்கும் நேரமா. சில வாக்கியங்களைப் போட்டுப் பார்ப்போம்.

'என் மேற்பார்வையாளர் என்னை நியாயமாக நடத்துகிறார்.' வேலைச் சூழலின் ஒரு துண்டு. தீர்ப்புச் சொல்லச் சொல்கிறது. திருப்தி. 'இந்த நிறுவனத்தில் வேலை செய்கிறேன் என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வேன்.' நிறுவனம், கயிறு. பிடித்ததால் வரும் பற்று. 'நான் செய்யும் வேலையை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.' அதே பெருமைதான், ஆனால் இடம் மாறிவிட்டது. நிறுவனம் போய் வேலை வந்துவிட்டது. இது ஈடுபாட்டின் அர்ப்பணிப்புக் கூறு. தேர்வில் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பாதிப் பேர் விழுவார்கள், ஏனென்றால் 'பெருமை' என்ற சொல்லைப் பார்த்ததும் மிச்சத்தைப் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

'மொத்தத்தில் என் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.' திருப்தி. 'என் வேலை எனக்கு உற்சாகம் தருகிறது.' ஈடுபாடு. இவை இரண்டும் உரசிக்கொள்ளும் தூரத்தில்தான் இருக்கின்றன. பிடித்திருப்பது அமைதியாகவும் இருக்கலாம், உற்சாகத்துக்குச் சூடு வேண்டும் என்ற ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் பிரிக்கிறோம்.

அடுத்தது கொஞ்சம் வம்பு: 'நான் யார் என்று கேட்டால் முதலில் என் வேலையைத்தான் சொல்வேன்.' வேலையைப் பற்றியதுதான், ஆனால் தீர்ப்பும் இல்லை, கயிறும் இல்லை, நடக்கும் நேரமும் இல்லை. இது நாலாவது ஆள், ஜாப் இன்வால்வ்மென்ட். வேலையோடு தன் அடையாளத்தைப் பிணைத்துக்கொள்வது. ரவீந்திர கனுங்கோ 1982-ல் இதற்கு அளவுகோல் கொடுத்தார். 'ரிட்டயர் ஆகிவிட்டால் நான் யாருமே இல்லை' என்று புலம்பும் ஆசிரியர் இதில் வருவார். வகுப்புக்குள் நுழைந்தால் பசி மறந்து பாடம் எடுப்பவர் ஈடுபாட்டில் வருவார். ஒரே ஆசிரியர் இரண்டாகவும் இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் கேள்வியில் எந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறார்களோ அதற்குத்தான் விடை.

இன்னொரு வாக்கியம்: 'அடுத்த வருஷமும் இங்கேதான் வேலை செய்வேன்.' பற்று மாதிரி இருக்கிறது, இல்லையா? இது ஓர் எண்ணம், ஒரு திட்டம். பற்று காரணமாகவும் வரலாம், வெளியே வேலை கிடைக்காத காரணத்தாலும் வரலாம். இதைப் பற்றுக் கேள்விகளுக்குள் போட்டுவிட்டு, 'பற்று உள்ளவர்கள் வேலையை விடுவதில்லை' என்று கண்டுபிடித்தேன் என்று எழுதினால், போகமாட்டேன் என்றவர் போகவில்லை என்றுதான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். 1979-ன் 15 கேள்விப் படிவத்தின் மீதே இந்தக் குறை உண்டு. அதில் தங்குவது, போவது பற்றிய கேள்விகளும் கலந்திருக்கின்றன.

கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனத்தின் புகழ்பெற்ற 12 கேள்விகளையும் இதே சல்லடையில் சலித்துப் பாருங்கள். என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வேலைக்கு வேண்டிய கருவிகள் இருக்கின்றன. கடந்த ஏழு நாளில் யாராவது பாராட்டினார்கள். வேலையிடத்தில் நெருங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். பெயர் என்னவோ எங்கேஜ்மென்ட். வாக்கியங்களைப் பார்த்தால், ஈடுபாடு முளைப்பதற்கு வேண்டிய மண்ணும் தண்ணீரும் இருக்கிறதா என்றுதான் கேட்கின்றன. செடி முளைத்ததா என்று கேட்கவில்லை. மேலாளருக்கு இது உபயோகமான படிவம்தான், ஏனென்றால் எதைச் சரிசெய்யலாம் என்று காட்டும். ஆய்வேட்டில் ஷாஃபெலியின் வரையறையை எழுதிவிட்டு இந்தக் கேள்விகளால் அளந்தால் மட்டும் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

தமிழில் படிவம் தயாரிப்பவர்களுக்கு இதற்கு மேல் ஒரு தலைவலி இருக்கிறது. நான் பட்டதைச் சொல்கிறேன். 'ஈடுபாடு' என்ற ஒரே சொல்லை எங்கேஜ்மென்டுக்கும் போடுகிறோம், இன்வால்வ்மென்டுக்கும் போடுகிறோம், சில சமயம் கமிட்மென்டுக்கும் போடுகிறோம். 'அர்ப்பணிப்பு' அதைவிட மோசம். ஈடுபாட்டின் ஒரு கூறுக்கும் அதே சொல், நிறுவனப் பற்றுக்கும் அதே சொல். என் முதல் மொழிபெயர்ப்பில் 'நான் அர்ப்பணிப்போடு இருக்கிறேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எதற்கு அர்ப்பணிப்பு என்றே இல்லை! அதற்கு ஐந்து போட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைத்துப் போட்டிருப்பார்கள்.

அதைவிடப் பெரிய குழி 'கம்பெனி' என்ற சொல். நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் யாரும் 'வேலைக்குப் போகிறேன்' என்று மட்டும் சொல்வதில்லை. 'கம்பெனிக்குப் போறேன்', 'கம்பெனி முடிஞ்சு வந்தேன்' என்பார்கள். அங்கே கம்பெனி என்றால் வேலை, இடம், ஷிஃப்ட், முதலாளி எல்லாம்தான். நான் பேச்சுவழக்காக இருக்கட்டும் என்று 'கம்பெனிக்கு வரும்போது உற்சாகமாக இருக்கிறது' என்று எழுதிவிட்டேன். வேலையைப் பற்றிய ஈடுபாட்டுக் கேள்வி, நிறுவனத்தைப் பற்றிய பற்றுக் கேள்வியோடு கலந்துபோயிற்று. இரண்டாம் முறை 'மெஷினில் நின்று வேலை செய்யும்போது' என்று மாற்றினேன். அழகில்லாத வாக்கியம், ஆனால் எதைக் கேட்கிறது என்பதில் சந்தேகம் வராது.

தலைகீழ்க் கேள்விகளிலும் கவனம் வேண்டும். 'இந்த நிறுவனத்தோடு எனக்கு மனதளவில் ஒட்டுதல் இல்லை' என்று கேட்டுவிட்டு 'ஒத்துக்கொள்ளவில்லை' என்ற கட்டத்தையும் வைத்தால், இல்லை என்பதற்கு இல்லை சொல்ல வேண்டியிருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவர் அதை எப்படி வேண்டுமானாலும் போடுவார். இதை அடையாளம் காண ஒரு வழி உண்டு. நேர்க் கேள்விக்கும் அதன் தலைகீழ்க் கேள்விக்கும் ஒரே ஆள் ஐந்து போட்டிருந்தால் அவர் வாக்கியத்தைப் படிக்கவில்லை, இல்லாவிட்டால் வாக்கியம் அவருக்குப் புரியவில்லை. பத்துப் பேரில் நாலு பேர் அப்படிப் போட்டிருந்தால் தவறு அவர்களுடையதல்ல.

இவ்வளவு பிரித்தாலும் மூன்றும் முழுக்கப் பிரிந்து நிற்பதில்லை. மேயர் குழு 2002-ல் செய்த தொகுப்பாய்வில் திருப்திக்கும் பிடித்ததால் வரும் பற்றுக்கும் தொடர்பெண் 0.65. இது சின்ன எண் அல்ல. ஒன்று ஏறினால் மற்றதும் பெரும்பாலும் ஏறும். டேனியல் நியூமன், டேனா ஜோசப், சார்ல்ஸ் ஹியூலின் மூவரும் 2010-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஈடுபாடு என்று நீங்கள் புதிதாகக் கொண்டுவந்தது, திருப்தி, பற்று, இன்வால்வ்மென்ட் இவற்றுக்கு அடியில் இருக்கும் பொதுவான மனப்பான்மைதானே, பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றிவிட்டீர்களே என்ற பொருளில் வாதிட்டார்கள். அடுத்த ஆண்டே மைக்கேல் கிறிஸ்டியன் குழு, திருப்தியும் பற்றும் விளக்காத ஒரு பங்கைச் செயல்திறனில் ஈடுபாடு விளக்குகிறது என்று ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. சண்டை இன்னும் முடியவில்லை. எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு: நல்ல கேள்விகளாக எழுதினால் மூன்றும் பிரிகின்றன, மேலோட்டமாக எழுதினால் ஒன்றாகிவிடுகின்றன. 'பிடித்திருக்கிறது', 'பெருமை', 'மகிழ்ச்சி' என்று பொதுச் சொற்களாகவே இருபது கேள்வி எழுதினால், ஆள் இருபதுக்கும் ஒரே மனநிலையில்தான் டிக் அடிப்பார்.

அந்தப் படிவத்தைத் திருத்தி, மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் வருகிற மாதிரி ஆக்கி, பிரசுக்கு அனுப்புவதற்கு முன் ஆறேழு தொழிலாளர்களைத் தனித்தனியே உட்கார வைத்தேன். கேள்வியைப் படித்து, எண்ணைப் போட்டுவிட்டு, ஏன் அந்த எண் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அசெம்பிளியில் ஒரு அண்ணன், 'காலையில் எழுந்ததும் வேலைக்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறது' என்ற ஈடுபாட்டுக் கேள்விக்கு 6 போட்டார். எப்போதும்! எனக்குச் சந்தோஷம். ஏன் அண்ணே என்று கேட்டேன்.

"தோணாம எப்படி தம்பி? ஒரு நாள் போகலைன்னாலும் அட்டெண்டன்ஸ் போனஸ் போயிடுமே."